தோளோரப் பள்ளம்: மரை முடியும் இடத்தில் எவ்வளவு வெட்ட வேண்டும்?

முப்பது மில்லிமீட்டர் கம்பி ஒன்று. அதன் ஒரு முனையை இருபது மில்லிமீட்டருக்குக் கடைந்து, அதில் மரை போட்டு, எஃகுக் கட்டை ஒன்றில் முறுக்கிச் செலுத்த வேண்டும். தடித்த பகுதியும் மெலிந்த பகுதியும் சந்திக்கும் இடத்தில் கம்பிக்கு ஒரு தட்டையான முகம் கிடைக்கிறது. லேத் பட்டறையில் அதை ஷோல்டர் என்பார்கள், தமிழில் தோள். அந்தத் தோள் கட்டையின் முகத்தில் முழுவதுமாகப் பதிந்து உட்கார வேண்டும். அப்போதுதான் கம்பி நேராக நிற்கும், இழுவிசையும் அதிர்வும் தோளின் வழியே கட்டைக்குப் போகும்.

முறுக்கிப் பார்த்தால் சில நேரங்களில் தோள் பதிவதில்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் கம்பி இறுகி நின்றுவிடுகிறது. மரை வெட்டும் டூல் தோள்வரை போய் முட்ட முடியாது என்பதுதான் காரணம். தோளுக்குச் சற்று முன்பே அதை வெளியே இழுத்தாக வேண்டும். இழுக்கும் இடத்தில் மரையின் ஆழம் படிப்படியாகக் குறைந்து, கடைசிச் சுற்றுகள் அரைகுறையாக முடிகின்றன. கட்டையின் உள்மரை முழு ஆழத்தில் இருப்பதால் அந்த அரைகுறைச் சுற்றுகளின் மேல் ஏற முடியாமல் சிக்கிக்கொள்கிறது. வழக்கமான மரையில் இப்படிப் பயன்படாமல் போகும் நீளம் பிட்ச்சைப் போல மூன்று மடங்கு வரை இருக்கலாம். ஒரு மரை முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு உள்ள தூரம்தான் பிட்ச். இருபது மில்லிமீட்டர் மரைக்கு, அதாவது எம்20-க்கு, வழக்கமான பிட்ச் 2.5 மி.மீ. ஆக, தோளுக்கு அடுத்த ஏழரை மில்லிமீட்டர் வரை வீணாகலாம்.

அந்த அரைகுறைப் பகுதியே உருவாகாமல் செய்வதுதான் அண்டர்கட். மரை போடுவதற்கு முன்பே தோளை ஒட்டிக் கம்பியைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டிவிடுகிறார்கள். மரை வெட்டும் டூல் முழு ஆழத்தில் வந்து, இந்தப் பள்ளத்துக்குள் நுழைந்ததும் வெட்டுவதற்கு எதுவும் இல்லாமல் வெறும் வெளியில் நிற்கிறது. அங்கே அதை நிறுத்தலாம், வெளியே எடுக்கலாம். மரை முழுமையாக முடிகிறது.

பள்ளம் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்பதில்தான் பட்டறைக்குப் பட்டறை பழக்கம் மாறுகிறது. கையில் இருக்கும் பார்ட்டிங் டூல் என்ன அகலமோ அதுவே பள்ளத்தின் அகலம், கண்ணுக்கு மரையைவிடக் கொஞ்சம் தாழ்வாகத் தெரிந்தால் அதுவே ஆழம் என்று முடிக்கும் இடங்கள் நிறைய. இந்தப் பழக்கம் தவறு. பள்ளத்தின் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களைப் பிடித்துக்கொண்டால் அட்டவணை கையில் இல்லாதபோதும் அளவைக் கண்டுபிடிக்கலாம். எம்20 மரையையே எடுத்துக்கொண்டு முதலில் ஆழத்தைப் பார்ப்போம்.

பள்ளத்தின் விட்டம் மரையின் அடிவிட்டத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அடிவிட்டம் என்பது மரைப் பள்ளங்களின் அடியில் மிஞ்சியிருக்கும் உலோகத்தின் விட்டம். 60 பாகை மரைக்கு அதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு: பிட்ச்சை 1.227-ஆல் பெருக்கி, வெளிவிட்டத்திலிருந்து கழிக்க வேண்டும். 2.5 × 1.227 = 3.07. இருபதில் கழித்தால் 16.93 மி.மீ. இதைப் பார்த்துவிட்டு, பள்ளத்தை 16.9-க்கு வெட்டினால் போதுமே என்று தோன்றும்.

அது போதாது. 16.93 என்பது காகிதத்தில் வரைந்த மரையின் அளவு. பட்டறையில் வெட்டும் மரைக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் 6ஜி என்ற சகிப்பளவின்படி, நட்டு தளர்வாக ஏறுவதற்காக எல்லா விட்டங்களும் சற்றுக் குறைக்கப்படுகின்றன. டூல் முனையின் கூர்மை தேயும்போது அடிவிட்டமும் மாறும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எம்20 மரையின் அடிவிட்டம் 16.89-லிருந்து 16.54 வரை எங்கே இருந்தாலும் அது நல்ல மரைதான். கூர்மையான முனையுள்ள டூலால், சகிப்பளவின் கீழ் எல்லையை ஒட்டி வெட்டிய மரையின் அடி 16.54-இல் இருக்கும். பள்ளம் 16.9-இல் இருந்தால் டூலின் முனை பள்ளத்தின் தரையையும் கீறிக்கொண்டு போகும். பள்ளத்தில் ஒரு சுருள் கோடு விழும். டூல் வெறும் வெளியில் நிற்க வேண்டிய இடத்தில் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கும். ஹாஃப் நட்டைத் திறந்த நொடியில் அது அங்கேயே ஒரு வளையத்தைத் தோண்டிவிடும்.

ஜெர்மனியின் டின் 76 என்ற தர அட்டவணையைப் பார்த்தால் 2.5 பிட்ச்சுக்குப் பள்ளத்தின் விட்டம் வெளிவிட்டத்தைவிட 3.6 மி.மீ. குறைவு என்று இருக்கும். 20 − 3.6 = 16.4. மரை அடியின் மிகத் தாழ்ந்த எல்லையான 16.54-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 0.14 மி.மீ., ஒரு பக்கத்துக்கு 0.07. அதாவது எவ்வளவு ஆழமாக வெட்டிய நல்ல மரையாக இருந்தாலும் டூல் பள்ளத்தின் தரையைத் தொடாது. அதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் தாழ்த்தி, அதற்கு மேல் உலோகத்தை எடுக்காமல் நிறுத்தியிருக்கிறார்கள். இந்த எண்ணைத் தேர்ந்தவர்கள் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள் என்பது மரையின் எல்லைகளோடு ஒப்பிடும்போதுதான் தெரிகிறது. சகிப்பளவும் ஒரு பக்கமாகவே உண்டு: 16.4-க்கு மேல் போகக் கூடாது, கீழே 0.27 வரை, அதாவது 16.13 வரை போகலாம்.

அட்டவணை இல்லாதபோது, நடுத்தர மரைகளுக்குப் பிட்ச்சைப் போல ஒன்றரை மடங்கை வெளிவிட்டத்திலிருந்து கழிப்பது பாதுகாப்பான மதிப்பீடு. 2 பிட்ச்சுக்கு அட்டவணையே 3 என்றுதான் சொல்கிறது. 1.5 பிட்ச்சுக்கு 2.3. பிட்ச் சிறிதாகும்போது சகிப்பளவின் பங்கு பெரிதாவதால் விகிதம் சற்று ஏறும், 1 பிட்ச்சுக்கு 1.6 ஆகிறது. பெரிய பிட்ச்களில் கொஞ்சம் இறங்கும்.

அதிகமாக வெட்டினால் என்ன கெடும்? அந்தப் பள்ளம்தான் இந்தக் கம்பியிலேயே மிக மெலிந்த கழுத்து. எம்20 மரையின் பலத்தைக் கணக்கிடப் பயன்படுத்தும் குறுக்குப் பரப்பு 245 சதுர மி.மீ. 16.4 விட்டமுள்ள பள்ளத்தின் பரப்பு 211. சரியான அளவுக்கு வெட்டும்போதே ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது. கவனமில்லாமல் 15-க்கு வெட்டினால் மிஞ்சுவது 177. கால் பங்குக்கு மேல் போய்விட்டது. மரையை எவ்வளவு நேர்த்தியாக வெட்டினாலும் இறுக்கும்போது முதலில் நீள்வதும் அறுவதும் இந்தக் கழுத்துதான். ஆகவே மரைக்குக் கணக்குப் போட்டுத் தேர்ந்த கம்பியைப் பள்ளத்துக்கும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வரைபடம் தயாரிக்கும் இடங்களில் இந்த இரண்டாவது கணக்கைப் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை.

அடுத்தது அகலம். இங்கே இரண்டு தேவைகள் எதிரெதிராக இழுக்கின்றன. லேத்தில் நிற்பவருக்குப் பள்ளம் அகலமாக இருக்க வேண்டும். மரையின் பிடிமானத்துக்கு அது குறுகலாக இருக்க வேண்டும்.

டர்னரின் பக்கத்தை முதலில் பார்ப்போம். மரை வெட்டும்போது கம்பி ஒரு சுற்றுச் சுற்றினால் டூல் ஒரு பிட்ச் தூரம் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று வைத்தால் 2.5 பிட்ச்சுக்கு டூல் நொடிக்கு 2.5 மி.மீ. ஓடும். 100 சுற்றில் நொடிக்கு 4 மி.மீ.க்கு மேல். அவர் ஒரு கையை ஹாஃப் நட் கைப்பிடியிலும் இன்னொரு கையை கிராஸ் ஸ்லைடு சக்கரத்திலும் வைத்துக்கொண்டு நிற்கிறார். டூல் பள்ளத்துக்குள் விழுந்ததைக் கண்டு கைப்பிடியைத் தூக்க அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த அரை நொடியில் 60 சுற்றில் ஒன்றேகால் மில்லிமீட்டரும், 100 சுற்றில் இரண்டு மில்லிமீட்டரும் ஓடிவிடும். 300 சுற்றில் ஆறு மில்லிமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் எந்த அண்டர்கட்டும் காப்பாற்றாது, டூல் நேரே தோளில் போய் மோதும்.

பள்ளத்தின் அகலம் முழுவதும் ஓடுவதற்குக் கிடைக்கும் என்றும் நினைக்கக் கூடாது. டூலின் கூர்முனைக்கு முன்னால் டூலின் உடம்பு இருக்கிறது. முனை பள்ளத்தின் நடுவே இருக்கும்போதே உடம்பின் விளிம்பு தோளைத் தொட்டுவிடலாம். பரவலாகப் பயன்படும் பதினாறு மில்லிமீட்டர் மரை இன்சர்ட்டில் 2.5 பிட்ச்சுக்கு முனையிலிருந்து முன்விளிம்பு வரை ஏறக்குறைய 1.5 மி.மீ. இருக்கும். கையில் இருக்கும் இன்சர்ட்டின் கேட்டலாகில் இந்த அளவு கொடுக்கப்பட்டிருக்கும், பார்த்துக்கொள்வது நல்லது. கையால் சாணை பிடித்த ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலாக இருந்தால், முனை சரிநடுவில் இருக்கும்படி பிடிக்காமல் தோள் பக்கமாக ஒதுக்கிப் பிடிப்பது வழக்கம். நடுவில் முனை வைத்த பத்து மில்லிமீட்டர் டூல் இந்தப் பள்ளத்துக்குள் முழு ஆழத்தில் நுழையவே முடியாது. முனைக்கு முன்னால் ஐந்து மில்லிமீட்டர் உடம்பு தோளில் இடித்துக்கொண்டு நிற்கும்.

இப்போது அட்டவணைக்குப் போவோம். டின் 76 இரண்டு அகலங்களைச் சொல்கிறது. ஒன்று, தோளிலிருந்து பள்ளத்தின் தட்டையான தரை எவ்வளவு தூரத்துக்காவது இருக்க வேண்டும் என்பது, 2.5 பிட்ச்சுக்கு இது குறைந்தது 5.6 மி.மீ. மற்றொன்று, தோளிலிருந்து முழு மரை தொடங்கும் இடம் வரை அதிகபட்சம் எவ்வளவு என்பது; இது 8.7 மி.மீ., ஏறக்குறைய மூன்றரை பிட்ச். இரண்டு எண்களும் தொடர்பில்லாதவை போலத் தெரிந்தாலும் அவற்றை இணைப்பது ஒரு சரிவு. பள்ளம் மரையின் பக்கம் செங்குத்தாக ஏறுவதில்லை, குறைந்தது 30 பாகைச் சாய்வில் ஏறுகிறது. பள்ளத்தின் ஆழம் ஒரு பக்கத்துக்கு 1.8 மி.மீ. 30 பாகையில் 1.8 உயரம் ஏற 1.8 ÷ 0.577 = 3.12 மி.மீ. நீளம் தேவை. 5.6 + 3.1 = 8.7. அட்டவணையின் இரண்டாவது எண் கிடைத்துவிட்டது.

இந்தச் சரிவை அழகுக்கான வேலை என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். செங்குத்துச் சுவராக விட்டால், மரை அந்தச் சுவரை வெட்டி வெளியேறும் இடத்தில் தாள் போல மெல்லிய விளிம்பு மிஞ்சும். அது பர்ராக மடங்கும். முதல் முறை முறுக்கும்போது உடைந்து உள்மரைக்குள் போய்ச் சிக்கும். துருப்பிடிக்காத எஃகில் இது நடந்தால் மரை அப்படியே பற்றிக்கொண்டு முன்னும் போகாது, பின்னும் வராது. சரிவு இருந்தால் மரையின் உயரம் படிப்படியாகக் குறைந்து, மெல்லிய விளிம்பு உண்டாகாமல் முடிகிறது.

டின் 76-இல் நீளமான இந்த வகைக்குப் பக்கத்தில் குறுகிய வகை ஒன்றும் உண்டு. அதில் 2.5 பிட்ச்சுக்குத் தட்டையான தரை 3.2, மொத்தம் 6.3. ஆழமும் சரிவும் அதேதான், ஓடும் இடம் மட்டும் குறைவு. ஐஎஸ்ஓ 4755 என்ற சர்வதேசத் தரம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதன்படி மொத்த அகலம் அதிகபட்சம் மூன்று பிட்ச். இதனால்தான் ஒரே மரைக்கு இரண்டு கைப்புத்தகங்களில் இரண்டு அகலங்கள் தென்படுகின்றன. இரண்டும் சரி. வரைபடத்தில் எந்தத் தரம், எந்த வகை என்று எழுதாததுதான் குழப்பத்துக்குக் காரணம்.

எந்த வகையைத் தேர்வது என்பதற்கு நம் கட்டையையே பார்க்கலாம். எஃகுக் கட்டையின் தடிமன் 26 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மரைத்துளை அதை ஊடுருவிப் போகிறது. கம்பி கட்டையின் மறுபக்கம் சற்று நீட்டிக்கொண்டிருக்கிறது. மறுபக்க வாயில் போட்ட சேம்ஃபர் ஒரு மில்லிமீட்டர் மரையைத் தின்றுவிடுகிறது. மீதி 25. எஃகில் எஃகு மரை பிடிக்க, விட்டத்துக்குச் சமமான நீளம் மரை கவ்வியிருக்க வேண்டும் என்பது பழக்கத்தில் உள்ள விதி. இங்கே அது 20 மி.மீ.

நீளமான வகைப் பள்ளம் வெட்டினால் 25 − 8.7 = 16.3. விதிக்கு நான்கு மில்லிமீட்டர் குறைகிறது. குறுகிய வகை என்றால் 25 − 6.3 = 18.7. குறுகிய வகையிலேயே சரிவை 30 பாகைக்குப் பதில் 45 ஆக்கினால், 1.8 உயரம் ஏற 1.8 நீளமே போதும். அட்டவணை சொல்வது குறைந்தது 30 பாகை என்பதுதான், 45-க்குத் தடை இல்லை. அப்போது 3.2 + 1.8 = 5.0. கவ்வும் நீளம் சரியாக 20.

வரைபடத்தில் 3.2 என்று மொட்டையாக எழுதினால் 3.1 வந்துவிட வாய்ப்புண்டு, அது குறைந்தபட்ச அளவுக்குக் கீழே. ஆகவே தரையை 3.3 என்று வைத்து, ஒரு பத்தில் ஒரு பங்கு மேலும் கீழும் விடலாம். மொத்தம் 5.1, கவ்வும் நீளம் 19.9. விதியிலிருந்து அந்த ஒரு பத்தில் ஒரு பங்கு குறைவது பொருட்டல்ல.

டர்னருக்கு இது கட்டுப்படியாகுமா? இன்சர்ட்டின் முன்விளிம்பு 1.5 மி.மீ. 3.3-இல் அதைக் கழித்தால் தட்டையான தரையில் முனை ஓடக் கிடைப்பது 1.8 மி.மீ. 60 சுற்றில் அதற்கு 0.7 நொடி, தேர்ந்த கைக்குப் போதும். 100 சுற்றில் 0.4 நொடிதான், அது சூதாட்டம். எனவே இந்தப் பள்ளத்தைத் தேர்ந்தால் வேகம் 60-க்கு மேல் போகக் கூடாது என்பதும் தேர்விலேயே அடங்கியிருக்கிறது. கட்டை தடிமனாக இருந்து மரை நீளத்துக்குப் பஞ்சம் இல்லையென்றால் நீளமான வகையையே கொடுத்துவிடலாம். அதில் முனைக்கு 4.1 மி.மீ. இடம், 100 சுற்றிலும் கிட்டத்தட்ட ஒரு நொடி கிடைக்கும். வரைபடம் போடுபவர் தேவையில்லாமல் குறுகிய வகையைக் கொடுப்பது, நின்று வேலை செய்பவரின் கையை நெருக்குவதாகும்.

சிஎன்சி லேத்தில் இந்த அரை நொடிக் கணக்கு இல்லை. சுற்றும் நகர்வும் பிணைக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு முறையும் டூல் ஒரே இடத்தில் விலகும். ஆனால் முனைக்கு முன்னால் இருக்கும் உடம்பு அங்கேயும் அதேதான், தோள் பதிய வேண்டிய தேவையும் அதேதான். குறுகிய வகை அங்கே இயல்பான தேர்வு.

மிச்சம் இருப்பது மூலையின் ரேடியஸ். என் பார்வையில் ஆழத்தைவிடவும் அகலத்தைவிடவும் இதுதான் அதிகம் புறக்கணிக்கப்படுகிறது, பின்னால் அதிகச் சேதம் செய்வதும் இதுதான். பள்ளத்தின் தரையும் தோளின் முகமும் சந்திக்கும் மூலையில் 2.5 பிட்ச்சுக்கு 1.2 மி.மீ. ரேடியஸ் வேண்டும் என்கிறது அட்டவணை. பிட்ச்சில் ஏறக்குறைய பாதி. பார்ட்டிங் டூலின் மூலை கத்தி போலக் கூராக இருக்கும். அதை வைத்து வெட்டினால் அந்த மூலையும் கூராகவே வரும். தடித்த கம்பியிலிருந்து மெலிந்த கழுத்துக்கு விசை இறங்கும் இடம் அதுதான். கூர்மூலையில் அந்த விசை குவிகிறது. இழுத்துவிட்டு இழுத்துவிட்டு வேலை செய்யும் கம்பி என்றால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் அந்த மூலையில் தொடங்கி ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் உள்ளே போகும். முறிந்த துண்டை எடுத்துப் பார்த்தால் அடையாளம் தெளிவாக இருக்கும்: ஓரத்தில் வழுவழுப்பான, வளைவளைவாகக் கோடுகள் ஓடும் பகுதி, மறுபுறம் சொரசொரப்பாகப் பிய்ந்த பகுதி. முதல் பகுதி நாள்பட்ட விரிசல், இரண்டாவது கடைசியாக அறுந்த இடம். கோடுகள் பள்ளத்தின் மூலையிலிருந்து புறப்பட்டிருந்தால் குற்றவாளி கூர்மூலை.

ரேடியஸ் இருந்தால் தோள் பதியாமல் தடுக்குமே என்ற அச்சத்தில் சிலர் அதைத் தவிர்க்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அச்சம் தேவையில்லை. பள்ளத்தின் ஆழம் 1.8, ரேடியஸ் 1.2. வளைவு பள்ளத்துக்குள்ளேயே முடிந்து, அதற்கு மேல் 0.6 மி.மீ. நேரான சுவர் இருக்கிறது. கட்டையின் முகம் வளைவைச் சந்திப்பதே இல்லை. ஆழத்தைவிடப் பெரிய ரேடியஸ் வைத்தால்தான் அது தோளின் முகத்துக்கு ஏறி இடைஞ்சல் செய்யும். சந்தையில் கிடைக்கும் க்ரூவிங் இன்சர்ட்களில் மூலை ரேடியஸ் பெரும்பாலும் 0.2, 0.4 என்றுதான் இருக்கும். ஆகவே கையால் செய்பவர் ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலில் 1.2-ஐ சாணை பிடித்து, ரேடியஸ் கேஜில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். சிஎன்சியில் சிறிய இன்சர்ட்டையே வளைவாக ஓட்டி வெட்டிவிடலாம்.

வேலையின் வரிசை இப்படி: முதலில் மெலிந்த பகுதியை மரையின் வெளிவிட்டத்துக்குக் கடைந்து, தோளின் முகத்தைச் சுத்தமாக எடுக்க வேண்டும். பிறகு பள்ளம், ரேடியஸ், சரிவு. அடுத்து கம்பியின் நுனியில் சேம்ஃபர். மரை கடைசியில்தான். பள்ளத்தின் விட்டத்தை மரை போடுவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். வெர்னியரின் தாடை நுனியில் மெல்லிய கத்தி போன்ற பகுதி இருக்கும்; தடித்த பகுதியை வைத்தால் சரிவில் ஏறிப் பொய்யான அளவு காட்டும். மெல்லிய பகுதியை ரேடியஸுக்கும் சரிவுக்கும் நடுவே, தட்டையான தரையில் வைத்து அளக்க வேண்டும்.

முடிந்த வேலை சரியா என்பதைச் சோதிக்க இரண்டு எளிய வழிகள் போதும். பள்ளத்தின் தரையை வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்தால் மரையின் கீறல் இருக்கக் கூடாது; இருந்தால் பள்ளம் ஆழம் குறைவு, அல்லது மரை அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது. பிறகு தோளின் முகத்தில் நீலச் சாயத்தை மெல்லியதாகப் பூசி, கட்டையில் கையால் முறுக்கிக் கழற்ற வேண்டும். கட்டையின் முகத்தில் முழு வட்டமாக நீலம் பதிந்திருந்தால் தோள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பதிந்திருந்தால் தோளோ, துளையோ செங்குத்தாக இல்லை. அது பள்ளத்தின் குற்றமல்ல. எங்குமே பதியவில்லை என்றால் கடைசி மரை எங்கோ சிக்குகிறது. 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் இதழ் இடுக்கில் நுழைந்தாலும் அதே பொருள்.

எல்லா இடத்திலும் இந்தப் பள்ளம் வேண்டும் என்று சொல்லவில்லை. கம்பி மிகவும் மெல்லியதாக இருந்து கழுத்தில் இழக்கும் ஏழில் ஒரு பங்கைத் தாங்க முடியாதென்றால், பள்ளத்தை விட்டுவிட்டுக் கட்டையின் துளை வாயை வெளிவிட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாக, மரை இல்லாமல் குடைந்துவிடலாம். கம்பியின் அரைகுறைச் சுற்றுகள் அந்தக் குடைவுக்குள் போய் ஒதுங்கிக்கொள்ளும், தோள் பதியும். மரை நீளம் கொஞ்சம் குறையும், ஆனால் கம்பியின் பலம் கெடாது. கட்டையில் அதற்கான தடிமன் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

பள்ளம்தான் என்று முடிவானால் வரைபடத்தில் ‘அண்டர்கட் 6 × 2’ என்று எழுதி அனுப்பும் பழக்கத்தை விட வேண்டும். நம் எம்20 கம்பியில் அதை அப்படியே வெட்டினால் விட்டம் 16.0 ஆகும், அனுமதித்த கீழ் எல்லையான 16.13-க்கும் கீழே. இரண்டு என்பது ஒரு பக்கத்து ஆழமா, விட்டத்தில் குறைப்பதா என்பதும் அதில் தெரியாது. விட்டத்தில் குறைப்பது என்று டர்னர் எடுத்துக்கொண்டால் 18-க்கு வெட்டுவார், மரையின் அடியே அதைவிடக் கீழே இருப்பதால் பள்ளம் இருந்தும் பயன் இருக்காது. ரேடியஸ் பற்றியும் சரிவு பற்றியும் அந்தக் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. வரைபடம் போடுபவர்கள் விட்டம் 16.4, மேலே சுழி, கீழே 0.27, தரை 3.3, சரிவு 45 பாகை, ரேடியஸ் 1.2 என்று நான்கையும் எழுதுங்கள். இடமில்லை என்றால் டின் 76 என்றும், அதில் நீளமான வகையா குறுகிய வகையா என்றுமாவது எழுதுங்கள். அப்படி எழுதாத வரைபடம் கைக்கு வந்தால், டூலை ஜாப்பில் வைப்பதற்கு முன் டர்னர் திருப்பிக் கேட்க வேண்டும்.